எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ‘கேனாட் பீ எக்ஸ்க்ளூடட்’ என்று இருந்தால் என்ன அர்த்தம்?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, சிகரெட் பழக்கம் உண்டு. பத்து நாளாகக் காய்ச்சல், இருமல். நெஞ்சு எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் “லைக்லி கன்சாலிடேஷன், அண்டர்லையிங் மாஸ் கேனாட் பீ எக்ஸ்க்ளூடட்” என்று போட்டிருக்கிறார்கள். கேன்சர் என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார்களா?

பதில்:

இல்லை. இந்த மாதிரி ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. உங்கள் அப்பாவின் படத்தை நான் பார்க்கவில்லை, அதனால் வார்த்தைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த வரியில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ‘லைக்லி கன்சாலிடேஷன்’ என்பது படத்தைப் பார்த்தவரின் கணிப்பு: நுரையீரலின் காற்றுப் பைகளில் சளியோ நீரோ நிறைந்திருக்கிறது, காய்ச்சலோடு சேர்த்துப் பார்த்தால் நிமோனியாவாகத்தான் இருக்கும். பின்பாதிக்கு ‘அதற்கு அடியில் கட்டி இல்லை என்று விலக்க முடியாது’ என்று அர்த்தம்; அது படத்தில் கண்ட எதையும் சொல்லவில்லை. அது எக்ஸ்ரேயின் இயலாமையைச் சொல்கிறது. நீர் நிறைந்த நுரையீரலும் சரி, கட்டியும் சரி, எக்ஸ்ரேயில் ஏறக்குறைய ஒரே வெள்ளையாகத்தான் விழும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர் நிற்கிற மாதிரி. இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

அதனால் ‘கேனாட் எக்ஸ்க்ளூட்’ என்று பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, ‘இந்தச் சோதனையால் அதை விலக்கவே முடியுமா’ என்பதுதான். முடியாது என்றால் அந்த வரி எச்சரிக்கையைவிட, அடுத்த சோதனைக்கான குறிப்பு. நிமோனியா கரையும், கட்டி கரையாது. ஆகவே சிகிச்சை முடிந்து ஆறு வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுப்பது வழக்கம், அதுவும் சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் 50 வயது தாண்டியவர்களுக்கும் கட்டாயம். காய்ச்சல் விட்ட அடுத்த வாரமே எடுத்துவிட்டு “இன்னும் போகவில்லையே” என்று பதறுகிறவர்கள் நிறைய. உடம்பு தேறிய பிறகும் படம் தெளியச் சில வாரங்கள் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் தாமதமாகும். ஆனால் இருமலில் ரத்தம் வந்தாலோ, உடம்பு இளைத்துக்கொண்டே போனாலோ ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. உடனே சிடி ஸ்கேன் எடுப்பதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. சில சமயம் அந்த வரி டாக்டர் கேட்ட கேள்விக்கான பதில் மட்டுமே. எங்களுக்கு வரும் சீட்டில் பெரும்பாலும், டிபி இல்லை என்று உறுதிப்படுத்தச் சொல்லி, ‘காய்ச்சல், ரூல் அவுட் டிபி’ என்று நாலு சொல்தான் இருக்கும். கேட்டதற்குப் பதில் எழுதியாக வேண்டுமே என்று நாங்களும் ‘டிபி கேனாட் பீ எக்ஸ்க்ளூடட்’ என்று எழுதிவிடுகிறோம். வீட்டுக்காரர்கள் படத்தில் டிபி தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

சீட்டில் விவரம் குறையக் குறைய எங்கள் தயக்கம் கூடும். ஒருமுறை ஓர் அம்மாவின் நுரையீரலில் சிறிய உருண்டை நிழல் தெரிந்தது, ‘கட்டியை விலக்க முடியாது, சிடி தேவை’ என்று எழுதினேன். மறுநாள் அவருடைய மகன் மஞ்சள் பையில் ஒரு பழைய படத்தோடு வந்தார், நாலு வருஷத்துக்கு முந்தையது. அதே இடம், அதே அளவு. இரண்டு வருஷத்துக்கு மேல் வளராத திடமான நிழல் அநேகமாகப் பழைய தழும்புதான். ரிப்போர்ட்டைத் திருத்தி ‘லைக்லி ஓல்ட் ஸ்கார்’ என்று போட்டேன். அந்தப் பழைய படம் முதல் நாளே வந்திருந்தால் அந்த அம்மா ஒரு ராத்திரி தூங்கியிருப்பார்.

‘சஜஸ்டிவ் ஆஃப்’ கதை வேறு. அது வந்தால் படத்தில் ஏதோ தெரிகிறது, அது ஒரு நோயின் பக்கம் சாய்கிறது என்று பொருள். மேல் நுரையீரலில் குழி தெரிந்தால் ‘சஜஸ்டிவ் ஆஃப் காக்ஸ்’ என்று எழுதுவோம். (காக்ஸ் என்றால் டிபிதான். நோயாளி பயந்துவிடக் கூடாது என்று அப்படி எழுதும் பழக்கம். இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.) ஆனால் படத்தில் கிருமி தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது சளிப் பரிசோதனை. ஆறிப்போன பழைய டிபியின் வடுவும் சில சமயம் இதே மாதிரி தெரியும்.

இந்தச் சொற்களுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட எடை கிடையாது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் ‘கன்சிஸ்டன்ட் வித்’ என்றால் அந்த நோய் இருக்க வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல், ‘ப்ராபபிள்’ என்றால் சுமார் 75, ‘பாசிபிள்’ என்றால் சுமார் 50 என்று வரையறுத்திருக்கிறார்கள். நம் ஊரில் அவரவர் கைப்பழக்கம்தான். என்னுடைய ‘லைக்லி’ பக்கத்து அறை டாக்டரின் ‘சஜஸ்டிவ்’ ஆக இருக்கலாம்.

ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பாருங்கள். மறு எக்ஸ்ரே, சிடி என்று அடுத்த அடி எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் எழுதியவரைப் போனில் கேட்கச் சொல்லி உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். அப்புறம், அப்பாவின் பழைய எக்ஸ்ரே ஏதாவது பீரோ மேல் கிடக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள்.