ஒன்றரைக் கப் மைதா எத்தனை கிராம்?

"கப் 240 மி.லி. என்பதால் ஒன்றரைக் கப் மைதாவுக்கு 360 கிராம் போட்டேன். கேக் கல்லாகிவிட்டது. அரிசி, பருப்புக்கும் இதே கணக்கா?"

சுமார் 185 கிராம் மைதா போதும். நீங்கள் போட்டது ஏறக்குறைய இரு மடங்கு. மி.லி.யும் கிராமும் சமமாவது தண்ணீருக்குத்தான். மாவுத் துகள்களுக்கு இடையே காற்று நிறைய இருப்பதால் ஒரு கப் மைதா 120–125 கிராம்தான் வரும். பச்சரிசியும் துவரம்பருப்பும் நெருங்கி அமர்பவை. கப்புக்கு 190–200 கிராம்.

கரண்டிக்கும் இதே விகிதம்தான். 16 மேசைக்கரண்டி சேர்ந்தால் ஒரு கப். எனவே தலைதட்டிய ஒரு கரண்டி மைதா 8 கிராம், பருப்பு 12 கிராம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மைதாவைக் கரண்டியால் தூவி நிரப்பி, கத்தி முதுகால் தலைதட்டி எடையைக் குறியுங்கள். பிறகு அதே கப்பை மாவு டப்பாவுக்குள் அமுக்கி அள்ளி எடுத்துப் பாருங்கள். 140, 150 கிராம்கூடக் காட்டும். அரிசியில் இவ்வளவு வித்தியாசம் வராது. அதனால் மாவுக்குத் தராசை நம்புவதே நல்லது.

ஒன்று கவனியுங்கள்: ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மி.லி.தான். அதற்கு இந்த எண்களில் முக்கால் பங்கு எடுங்கள்.