முன்பெஞ்சும் பின்பெஞ்சும் ஒரே வினாத்தாள் எழுதினால்?

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஒரு நேரத்தில் 270 பேர் எழுதுகிறார்கள். கணினி அறிவியல் 108, வணிகவியல் 62, ஆங்கிலம் 58, இயற்பியல் 42. ஒன்பது அறை, ஒவ்வொன்றிலும் 30 இருக்கை. ஒரு வரிசை கணினி, அடுத்த வரிசை வணிகவியல் என்று ரோல் நம்பர்படி மாற்றி மாற்றித்தான் உட்கார வைக்கிறோம். இருந்தும் முன்னால் இருப்பவரைப் பார்த்து எழுதியவர்கள் பிடிபட்டார்கள். கண்காணிப்புக்கு 14 ஆசிரியர்கள் இருக்கிறார்கள் (கணினி 5, வணிகவியல் 4, ஆங்கிலம் 3, இயற்பியல் 2). சொந்தத் துறை மாணவர் இருக்கும் அறைக்கு யாரையும் போடக் கூடாது என்கிறார் முதல்வர். கணக்கு உதைக்கிறது. என்ன செய்வது?

பதில்:

வரிசைக்கு ஒரு துறை என்று வைத்தால் வலது இடது பக்கம் மட்டும்தான் பாதுகாப்பு. முன்னும் பின்னும் அதே வகுப்பு, அதே வினாத்தாள். முன்னால் இருப்பவர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலே பின்னால் இருப்பவருக்கு விடைத்தாள் தெரிந்துவிடும். அறையைச் சதுரங்கப் பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கட்டத்தில் ஒரு தாள், கறுப்புக் கட்டத்தில் வேறு தாள். அப்போது நான்கு பக்கமும் வேறு தாள்தான் வரும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். மாணவர்களைத் துறைவாரியாகப் பிரிக்காதீர்கள், அன்றைய பாடக் குறியீட்டின்படி பிரியுங்கள். பொதுப்பாடம் நடக்கும் நாளில் வணிகவியலும் ஆங்கிலமும் ஒரே தாளை எழுதினால், அன்று அவர்கள் இரண்டு துறை இல்லை, 120 பேர் கொண்ட ஒரே குழு. அரியர் எழுத வரும் பழைய மாணவரும் அப்படித்தான். ரோல் நம்பர் வேறு மாதிரி தொடங்கும், ஆனால் கையில் இருக்கும் தாள் இவர்களுடையதுதான். அவர்களைத் தனிப் பட்டியலாக வைத்துக் கடைசியில் சொருகினால் நேராக அதே தாள்காரரின் பக்கத்தில் போய் உட்காருவார்கள்.

உங்கள் 270 பேரும் நான்கு தனித் தாள் எழுதுவதாகவே வைத்துக்கொள்வோம். பெரிய குழு முதலில் வரட்டும்: கணினி 1 முதல் 108 வரை, வணிகவியல் 109 முதல் 170 வரை, ஆங்கிலம் 171 முதல் 228 வரை, இயற்பியல் 229 முதல் 270 வரை. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ரோல் நம்பர் வரிசை. இந்த நீளப் பட்டியலைச் சரிபாதியில், 135க்குப் பிறகு வெட்டுங்கள். முதல் பாதி முழுக்க வெள்ளைக் கட்டங்களுக்கு, இரண்டாம் பாதி முழுக்கக் கறுப்புக் கட்டங்களுக்கு. அறைக்கு 15 வெள்ளை, 15 கறுப்பு. இரண்டு பாதியிலிருந்தும் பதினைந்து பதினைந்தாக எடுத்து அறை அறையாக நிரப்பிக்கொண்டே போனால் வேலை முடிந்தது.

எக்செலில் பட்டியலின் தொடர் எண் A நெடுவரிசையில் இருந்தால், இதில் முதல் சூத்திரம் அறை எண்ணைத் தரும், இரண்டாவது அந்த நிறத்தில் எத்தனையாவது கட்டம் என்பதைத் தரும். 135 வரை வெள்ளை, அதற்கு மேல் கறுப்பு.

```
=INT(MOD(A2-1,135)/15)+1
=MOD(MOD(A2-1,135),15)+1
```

என்ன வருகிறது என்று பார்ப்போம். முதல் ஏழு அறையிலும் வெள்ளை முழுக்கக் கணினி. எட்டாவது அறையின் வெள்ளையில் கணினியின் கடைசி 3 பேரும் வணிகவியலின் முதல் 12 பேரும், ஒன்பதில் வணிகவியல் 15 பேர். கறுப்பில் முதல் இரண்டு அறை வணிகவியல். மூன்றாவதில் வணிகவியலின் மிச்சம் 5 பேரும் ஆங்கிலம் 10 பேரும். நான்கு, ஐந்து, ஆறு ஆங்கிலம். ஏழில் ஆங்கிலம் 3, இயற்பியல் 12. எட்டும் ஒன்பதும் இயற்பியல். எந்த அறையிலும் ஒரே தாள் இரண்டு நிறத்திலும் வரவில்லை பாருங்கள். பெரும்பாலான அறைக்கு இரண்டே தாள், மூன்று அறைக்கு மட்டும் மூன்று. மொத்தம் 21 வினாத்தாள் கவர். நான்கு துறையையும் எல்லா அறையிலும் தூவியிருந்தால் 36 கவர் கட்ட வேண்டியிருக்கும். தாள் மாறிப் போவதும் அங்கேதான் நடக்கும்.

நான்காவது அறைக்குள் போய்ப் பார்க்கலாம். ஐந்து படுக்கை வரிசை, ஆறு நெடுவரிசை என்று வைத்துக்கொள்கிறேன். வெள்ளையில் கணினி 46 முதல் 60 வரை, கறுப்பில் ஆங்கிலம் 11 முதல் 25 வரை. முதல் நெடுவரிசை முன்னிருந்து பின்னாக: க46, ஆ11, க47, ஆ12, க48. இரண்டாவது: ஆ13, க49, ஆ14, க50, ஆ15. மூன்றாவது மறுபடி கணினியில் தொடங்கும்: க51, ஆ16, க52, ஆ17, க53. இப்போது க49ஐப் பாருங்கள். முன்னால் ஆ13, பின்னால் ஆ14, இடம் ஆ11, வலம் ஆ16. நல்லது. ஆனால் நான்கு மூலையிலும் க46, க47, க51, க52. மூலைவிட்டம் திறந்துதான் இருக்கிறது, இதை மறைக்க வேண்டியதில்லை. அதையும் அடைக்க வேண்டுமானால் ஒவ்வோர் அறையிலும் நான்கு தாள் வேண்டும், அதிலும் எந்தத் தாளும் இந்த அறை அமைப்பில் 9 பேருக்கு மேல் போகக் கூடாது. 108 பேர் கணினி இருக்கும்போது ஒன்பது அறையில் 81 பேருக்குத்தான் அப்படி இடம் கிடைக்கும். ஆகவே உங்கள் எண்ணிக்கைக்கு அது ஆகாது. பெஞ்சுகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுங்கள், கண்காணிப்பாளர் பின்பக்கத்திலிருந்தும் நடக்கட்டும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. மிகப் பெரிய குழு பாதியைத் தாண்டினால் சதுரங்கப் பலகை உடைந்துவிடும். எத்தனை அறை தேவை என்பதை மொத்த எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவு செய்யாமல், பெரிய குழுவை 15ஆல் வகுத்தும் பார்த்துவிடுங்கள். கணினி 150 பேராகிவிட்டால், மொத்தம் அதே 270 ஆனாலும் பத்து அறை வேண்டும், 30 இருக்கை காலியாகக் கிடக்கும். காலி நாற்காலியைப் பார்த்து மனம் கேட்காமல் யாராவது நெருக்கி உட்கார வைப்பார்கள், விடாதீர்கள். அன்று வராதவரின் இடமும் அப்படியே காலியாகத்தான் இருக்க வேண்டும்.

ரோல் நம்பரில் எனக்கே ஒரு முறை சூடு பட்டது. நான் முன்பு இருந்த ஒரு கல்லூரியில் கதவில் ஒட்டும் தாளில் ‘21 முதல் 35 வரை’ என்று எழுதி, 15 பேர் என்று கணக்கு வைத்தோம். 27ஆம் எண் மாணவர் பாதியிலேயே படிப்பை விட்டுப் போனவர். எண்கள் 15, ஆட்கள் 14. அங்கிருந்து ஒவ்வொருவரும் ஓர் இடம் நகர்ந்து, நிறம் மாறி, நண்பர்கள் அருகருகே வந்துவிட்டார்கள். அதிலிருந்து ‘இந்த எண் முதல் இந்த எண் வரை’ என்பதை நம்புவதில்லை, இப்போது படிப்பவர்களின் பட்டியலை மட்டும்தான். இன்னொன்று, எக்செல் ரோல் நம்பரை எழுத்தாக எடுத்துக்கொண்டால் 9க்கு முன்னால் 10 வந்து நிற்கும். 09 என்று முன்னால் பூஜ்யம் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

நாலைந்து தேர்வுக்கு ஒரே அமைப்பு நீடித்தால் பக்கத்து இடத்துக்காரர் யார் என்பது மனப்பாடம் ஆகிவிடும். கறுப்புப் பாதியைத் தினமும் ஓர் அறை தள்ளி வையுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளக் கூடாது. உங்கள் கணக்கில் நான்கு அறை வரை தள்ளலாம். ஐந்து தள்ளினால் கறுப்பிலிருக்கும் வணிகவியல் எட்டாவது அறைக்குப் போய், அங்கே வெள்ளையில் ஏற்கெனவே இருக்கும் வணிகவியலோடு இடிக்கும்.

சரி, கண்காணிப்பாளர். முதல்வரின் விதியை அப்படியே எடுத்துக்கொண்டால், கணினி மாணவர் ஒன்று முதல் எட்டு வரை எல்லா அறையிலும் இருக்கிறார்கள். உங்கள் ஐந்து கணினி ஆசிரியருக்கும் சேர்த்து ஒன்பதாவது அறை ஒன்றுதான் மிச்சம். கணக்கு உதைப்பது இதனால்தான். வழக்கமாக எல்லோரும் முதல் அறையிலிருந்து பெயர் எழுதிக்கொண்டே வந்து ஏழாவது அறையில் மாட்டிக்கொள்வார்கள். எந்த அறைக்கு ஆள் கிடைப்பது கடினமோ அங்கிருந்து தொடங்குங்கள். மூன்றாவது அறையில் கணினி, வணிகவியல், ஆங்கிலம் மூன்றும் இருப்பதால் இயற்பியல் ஆசிரியர் மட்டுமே போக முடியும். ஏழுக்கு வணிகவியல் மட்டும், எட்டுக்கு ஆங்கிலம் மட்டும். இந்த மூவரையும் முதலில் உட்கார வைத்துவிட்டால் மற்றது தானாக விழும்: ஒன்பதுக்குக் கணினி ஒருவர், ஒன்றுக்கும் இரண்டுக்கும் மீதி ஆங்கிலம் இருவர், நான்கு ஐந்து ஆறுக்கு மீதி வணிகவியல் மூவர். இயற்பியலில் மிஞ்சும் ஒருவர் முதல் ஆறு அறைக்கு ரிலீவர். கணினியில் மிஞ்சும் நால்வர் கவர் பிரித்துக் கொடுக்க, விடைத்தாள் எண்ணி வாங்க. ஏழு, எட்டாவது அறைக்கு விதிப்படி ரிலீவர் கிடைக்க மாட்டார். அந்த ஐந்து நிமிடத்துக்கு முதன்மைக் கண்காணிப்பாளரே போய் நிற்கட்டும்.

ஆனால் வணிகவியல் ஆசிரியர் நால்வரும் தினமும் டியூட்டி, கணினியில் நால்வர் அலுவலகத்தில் என்றால் மூன்றாம் நாள் சண்டை வரும். ‘சொந்தத் துறை’ என்பதைச் ‘சொந்தப் பாடம்’ என்று மாற்ற முடியுமா என முதல்வரிடம் கேளுங்கள். என் பார்வையில் தடுக்க வேண்டியது அந்தத் தாளை நடத்தியவர், அந்த வகுப்பின் பொறுப்பாசிரியர் இருவரை மட்டும்தான். ஒரு தாளை நடத்துபவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார். அவரை அறைக்கு அனுப்பாமல் அலுவலகத்தில் வைத்துக்கொண்டால், வினாத்தாளில் அச்சுப்பிழை என்று அறையிலிருந்து ஆள் வரும்போது பதில் சொல்லவும் அவர் இருப்பார். மற்ற மூன்று நான்கு கணினி ஆசிரியரும் அறைக்குப் போகலாம். டியூட்டியை எண்ணும்போது நாளாக எண்ணாமல் வேளையாக எண்ணுங்கள், காலை ஒன்று, மதியம் ஒன்று.

யார் எந்த அறை என்பதை முந்தைய நாளே ஒட்ட வேண்டாம். நான்கு முதல் ஏழு வரை வணிகவியல் நால்வரும் யார் வேண்டுமானாலும் போகலாம், ஒன்று, இரண்டு, எட்டில் ஆங்கிலம் மூவரும் அப்படியே. அந்தந்தக் குழுவுக்குள் தேர்வுக்கு அரை மணி முன்னால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அறைக்குக் கொடுக்கும் கவரின் மேல் எண்ணிக்கையைத் தாள்வாரியாக எழுதிவிடுங்கள். எட்டாவது அறை என்றால் கணினி 3, வணிகவியல் 12, இயற்பியல் 15. பெஞ்சில் ஒட்டும் சீட்டில் ரோல் நம்பருக்குக் கீழே பாடக் குறியீடும் இருக்கட்டும். அப்புறம் மாணவர் கையெழுத்திடும் வருகைத்தாளில் இருக்கை எண்ணையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தும்போது இரண்டு விடைத்தாள் ஒரே தவற்றோடு வந்து நின்றால், அந்த இருவரும் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எடுத்துப் பார்க்க அந்தத் தாள்தான் இருக்கும். மூலைவிட்டத்தில் இருந்தார்கள் என்றால் பெஞ்ச் இடைவெளியைப் பாருங்கள். அடுத்தடுத்து இருந்தார்கள் என்றால் அன்று யாரோ இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.