ஜெர்மனி ஆய்வகத்தில் பயிற்சி: தலையாட்டும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர். ஊட்டியில் பி.ஃபார்ம். இறுதியாண்டு படிக்கிறேன். ஜெர்மனியில் ஒரு மருந்துப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்திருக்கிறது. மேலே இருப்பவர்களை எப்படிக் கூப்பிடுவது, நேரத்துக்குப் போவது, சும்மா பேசுவது இதெல்லாம் அங்கே எப்படி? பெரியவர்களிடம் "முடியாது" என்று எனக்குச் சொல்லவே வராது. என்ன செய்வது?

பதில்:

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், தம்பி. கூப்பிடும் முறையும் நேரக் கட்டுப்பாடும் அங்கே போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே கைவந்துவிடும். முடியாது என்று சொல்லத் தயங்கும் பழக்கம் அப்படிப் போகாது. அதுபோன்ற ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இரவில் போன் செய்தால், பெரும்பாலும் இந்தச் சிக்கலாகத்தான் இருக்கும்.

கட்டபெட்டிலிருந்து போன ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் அவளுடைய மேற்பார்வையாளர், "இருபத்து நான்கு மாதிரிகளின் முடிவு வியாழன் நண்பகலுக்குள் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். இவள் தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிச் சிரித்திருக்கிறாள். வகுப்பில் ஆசிரியர் பேசும்போது நாம் எல்லோரும் செய்வதுதான். கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான மரியாதை. அவரோ அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு நாட்காட்டியில் குறித்துவிட்டார். அந்த முடிவை எதிர்பார்த்து இன்னொரு குழு வியாழன் பிற்பகலில் கூட்டமும் வைத்துவிட்டது.

அன்று மாலை போனில், "அக்கா, வியாழனுக்குள் முடியவே முடியாது. இப்போது போய்ச் சொன்னால் திட்டுவார்களே" என்றாள். திட்டுவது இருக்கட்டும், முதலில் கணக்கைப் போடு என்றேன்.

மருந்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஒரு மாதிரியை ஒருமுறை ஓட்ட 15 நிமிடம். ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டுவது அந்த ஆய்வகத்தின் வழக்கம். 24 மாதிரிக்கு 72 ஓட்டம். அளவுத்திருத்தக் கரைசல்களுக்கு ஆறு, வெற்றுக் கரைசலுக்கு இரண்டு. மொத்தம் 80 ஓட்டம், அதாவது 20 மணி நேரம். கருவியோ பொதுவானது. பகலெல்லாம் மற்றவர்கள் பதிவு செய்திருந்தார்கள். அவளுக்குக் கிடைத்தது புதன் மாலை 5 மணி முதல் வியாழன் காலை 8 மணி வரை, 15 மணி நேரம். மூன்றுக்குப் பதிலாக இரண்டு முறை ஓட்டினால் 56 ஓட்டம், 14 மணி நேரம். அது அடங்கும்.

கணக்கு வந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியமும் தானாக வந்துவிட்டது. அவள் அனுப்பிய மின்னஞ்சலின் சாரம் இது: "காலையில் நான் சரியான பதில் தரவில்லை. மூன்று முறை ஓட்ட 20 மணி நேரம் வேண்டும். வியாழனுக்குள் எனக்குக் கருவி கிடைப்பது 15 மணி நேரம். வியாழன் நண்பகலுக்கு இரண்டு ஓட்ட முடிவுகளைத் தர முடியும். மூன்றும் வேண்டுமென்றால் வெள்ளி நண்பகல் ஆகும். எது உங்களுக்கு வசதி?" ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "இரண்டு போதும். சொன்னதற்கு நன்றி." திட்டு எதுவும் இல்லை.

அந்த மின்னஞ்சலில் "முடியாது" என்ற வார்த்தையே இல்லை என்பதைக் கவனியுங்கள். இவ்வளவு தேவை, இவ்வளவு இருக்கிறது, இந்த இரண்டு வழியில் எதை எடுக்கலாம் என்று மட்டும் எழுதினாள். முடிவை மேலே இருப்பவரிடமே விட்டதால் நம் மரியாதைக்கும் குறைவு வரவில்லை. கூட்டத்தில் வைத்தே கேட்டுவிட்டால், "கருவி எப்போது கிடைக்கும் என்று பார்த்துவிட்டு இரண்டு மணிக்குள் சொல்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, சொன்ன நேரத்தில் பதில் கொடுங்கள். தலையை மட்டும் ஆட்டாதீர்கள். புறப்படும் வரை வீட்டிலேயே பழகுங்கள். அம்மா எதைக் கேட்டாலும் வாயால் பதில் சொல்லிப் பாருங்கள்.

கதை அதோடு முடியவில்லை. புதன் இரவு, வடிகட்டியில் அடைப்பு ஏறி அழுத்தம் வரம்பைத் தாண்ட, முப்பதாவது ஓட்டத்தோடு கருவி தானே நின்றுவிட்டது. காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தவள் வடிகட்டியை மாற்றிய கையோடு எழுதினாள்: "அழுத்தம் கூடி இரவில் கருவி நின்றுவிட்டது. 11 மாதிரிகள் முடிந்துவிட்டன, முடிவு இணைப்பில். மீதி 13க்கு அளவுத்திருத்தத்தோடு எட்டரை மணி நேரம் வேண்டும். இன்று இரவு கருவி கிடைத்தால் நாளை காலை தருகிறேன்." என்ன ஆயிற்று, கையில் என்ன இருக்கிறது, அடுத்தது எப்போது. மன்னிப்புக் கேட்டு நீட்டவில்லை. அந்த மேற்பார்வையாளரே இன்னொருவரிடம் பேசி இரவு நேரத்தை வாங்கிக் கொடுத்தார். பிற்பகல் கூட்டத்தை வெள்ளிக்குத் தள்ளினார். இதையே நண்பகல் 12 மணிக்குச் சொல்லியிருந்தால் கூட்டத்துக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்கள். அவருடைய நான்கு மணி நேரத்தை அவள் காப்பாற்றிக் கொடுத்தாள்.

நேரத்துக்குப் போவதும் இதே சங்கதிதான். நம் மலையில் நவம்பர் மழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தாலோ, ஆடிக் காற்றில் கோத்தகிரி சாலையில் மரம் விழுந்தாலோ, தாமதமாக வந்தவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. அங்கேயும் ரயில் தாமதமாகும். ஜெர்மன் ரயில்கள் பற்றிய பெருமையை நம்பி ஏமாறாதீர்கள். ஆனால் ஒன்பது மணிக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் பிந்தும் என்று தெரிந்தால் ஒன்பதுக்கு முன்பே செய்தி போக வேண்டும். ஒன்பது அடித்த பிறகு அனுப்பும் செய்திக்கு மதிப்புக் குறைவு. முதல் வாரம், ஒரு ரயில் முன்னதாகப் பிடியுங்கள்.

மாலையில் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கிடைக்காது. சட்டப்படி நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலைதான் அடிப்படை. பிறகு ஈடுகட்டும் ஏற்பாட்டோடு பத்து வரை போகலாம். ஒரு வேலை நாள் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை பதினொரு மணி நேர ஓய்வு வேண்டும். ஆபத்தான ரசாயனங்களோடு ஆய்வகத்தில் தனியாக இருப்பதைப் பாதுகாப்பு விதிகளும் அனுமதிப்பதில்லை. கருவி இரவெல்லாம் தானாக ஓடட்டும், நீங்கள் வீட்டுக்குப் போங்கள். தினமும் நேரம் போதவில்லை என்றால் அதையும் மேலே சொன்ன கணக்கு மாதிரி எழுதிக் கேளுங்கள்.

கூப்பிடும் முறைக்கு ஒரே ஒரு அடையாளத்தைப் பாருங்கள்: மின்னஞ்சலின் அடியில் அவர் எப்படிக் கையெழுத்திடுகிறார்? முதல் பெயரை மட்டும் போட்டிருந்தால், அறுபது வயதுப் பேராசிரியராக இருந்தாலும், அந்தப் பெயரால்தான் அழைக்க வேண்டும். பட்டத்தோடு முழுப்பெயரும் இருந்தால் பட்டமும் குடும்பப் பெயரும். ஆங்கிலத்தில் வேலை நடக்கும் ஆய்வகங்களில் பெரும்பாலும் முதல் பெயர்தான். ஜெர்மன் மொழியில் பேசும்போது, குறிப்பாக வயதில் மூத்த தொழில்நுட்பப் பணியாளர்களிடம், "ஹெர்" அல்லது "ஃப்ராவ்" சேர்த்துக் குடும்பப் பெயர் சொல்லி, மரியாதைப் பன்மையில் பேசுங்கள். ஒருமைக்கு மாறலாம் என்று அவர்களாகச் சொல்லும்வரை மாறாதீர்கள். பெரியவர்தான் அதைச் சொல்வது வழக்கம். சார், மேடம் வேண்டாம். முதல் பெயர் சொல்ல நாக்கு கூசினால், "காலை வணக்கம்" என்று தொடங்கி விஷயத்துக்குப் போய்விடுங்கள். கூச்சம் தானாகத் தெளியும்.

உங்கள் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் நம் இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். போனதும் மின்னஞ்சல் முகவரி, கதவு அட்டை எல்லாம் அப்பா பெயரில் தயாராக இருக்கும். உங்களை ஹெர் என்று சொல்லி அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். புறப்படும் முன்பே எழுதுங்கள்: "குடும்பப் பெயர் கட்டத்தில் இருப்பது என் தந்தையின் பெயர். என்னை இன்ன பெயரால் அழையுங்கள். மின்னஞ்சலில் தெரியும் பெயரை அப்படி மாற்ற முடியுமா?" ஒப்பந்தம், வங்கி, காப்பீடு ஆகியவற்றில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கட்டும்.

சும்மா பேசுவதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. திங்கள்கிழமை காபி வேளையில் வார இறுதி எப்படிப் போனது என்பார்கள். இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேளுங்கள். சம்பளம், கல்யாணம், மதம் பக்கம் போக வேண்டாம். ஊரைப் பற்றிச் சொல்ல நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது. அதே கட்டபெட்டுப் பெண், தேயிலைத் தோட்டத்துப் பஸ் நிறுத்தத்தில் காட்டெருமை நின்றதால் பரீட்சைக்குப் பிந்திய கதையைச் சொன்னபோது சாப்பாட்டு மேசை முழுக்கக் கேட்டதாம். பிறந்தநாள் என்றால், கொண்டாடுபவர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். முன்கூட்டியே வாழ்த்தாதீர்கள், அதை அபசகுனமாக நினைப்பவர்கள் உண்டு.

உங்கள் வரைபடம் தவறு என்று எல்லோர் முன்னாலும் ஒருவர் சொல்வார். முகம் சுருங்க வேண்டாம், அவர் உங்களைச் சொல்லவில்லை. "எந்த இடத்தில்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாராட்டு வரவில்லையே என்றும் கலங்காதீர்கள். குறை சொல்லாமல் விட்டாலே வேலை சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

உடம்பு சரியில்லை என்றால் வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவர் சான்று சட்டப்படி வேண்டும், சில இடங்களில் முதல் நாளிலேயே கேட்பார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்துப் போடும்போதே படித்துவிடுங்கள்.