டைம்கோட் கடிகாரத்தைவிட ஏன் பின்தங்குகிறது?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் தேர்த் திருவிழாவை இடையில் நிறுத்தாமல் நான்கு மணித்தியாலம் பதிவு செய்தேன். கெமராவின் டைம்கோடைப் போன் கடிகாரத்தோடு பொருத்தி, காலை 06:00:00:00 என்று வைத்துத்தான் ஆரம்பித்தேன். பத்து மணிக்குப் போனைக் கெமராவுக்கு முன்னால் பிடித்தேன். பத்து அடித்த ஃபிரேமில் டைம்கோட் 09:59:45:18 என்று நிற்கிறது. படமும் சத்தமும் பிசகாமல் போகின்றன. கெமராவில் பழுதா? கோயில் கமிட்டி எழுதித் தந்த நேரங்களை வைத்து இனி எப்படி எடிட் பண்ணுவது?

பதில்: பழுது ஒன்றும் இல்லை. உங்கள் கெமரா செக்கனுக்கு 29.97 ஃபிரேம் வேகத்தில், இலக்கம் எதையும் தாண்டாமல் எண்ணும் நொன்-டிராப் ஃபிரேம் என்ற NDF முறையில் ஓடியிருக்கிறது. வேகத்தை நீங்கள் எழுதவில்லை என்றாலும் உங்கள் எண்ணே அதைச் சொல்லிவிடுகிறது. நான்கு மணித்தியாலத்தில் 14.4 செக்கன் என்றால் மணித்தியாலத்துக்கு 3.6 செக்கன், அதாவது சரியாக ஆயிரத்தில் ஒரு பங்கு. கெமராவுக்குள் இருக்கும் கடிகாரம் கெட்டுப்போயிருந்தால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது.

29.97 என்பது சுருக்கிச் சொல்லும் எண். உண்மையான வேகம் 30000-ஐ 1001-ஆல் வகுத்தால் வருவது. அமெரிக்காவில் 1953இல் கலர் தொலைக்காட்சிக்கு விதிமுறை வகுத்தபோது, கலர் சிக்னலும் ஒலி சிக்னலும் மோதிப் படத்தில் கோடு விழாமல் இருக்க, 30 ஃபிரேம் வேகத்தை இம்மியளவு குறைத்தார்கள். அந்த இம்மிதான் உங்களுடைய 14 செக்கன்.

டைம்கோட் கடிகாரம் இல்லை, ஃபிரேம்களுக்கு ஒட்டும் இலக்கம். அதில் அரை ஃபிரேம், கால் ஃபிரேம் என்று கிடையாது. அதனால் 00 முதல் 29 வரை முப்பது ஃபிரேமை எண்ணி முடித்ததும் ஒரு செக்கனைக் கூட்டிக்கொள்ளும். ஆனால் 29.97 வேகத்தில் முப்பது ஃபிரேம் ஓடி முடிய 1.001 செக்கன் ஆகிறது. ஒரு மணித்தியாலத்தில் கெமரா உண்மையில் எடுப்பது 107,892 ஃபிரேம். டைம்கோட் ஒரு மணித்தியாலம் என்று காட்டுவதற்கோ 108,000 ஃபிரேம் வேண்டும். 108 ஃபிரேம் குறைகிறது, அதுதான் 3.6 செக்கன். உங்கள் நான்கு மணித்தியாலத்தில் 431,568 ஃபிரேம் இருக்கும். அதை முப்பதால் வகுத்துப் பாருங்கள், 3 மணி 59 நிமிடம் 45 செக்கன் 18 ஃபிரேம் என்று வரும். நீங்கள் திரையில் பார்த்தது அப்படியே இதுதான்.

இந்த 108-ஐச் சரிக்கட்ட வந்ததுதான் டிராப் ஃபிரேம், சுருக்கமாக DF. பெயரைக் கேட்டுப் பலர் படம் வெட்டுப்படும் என்று பயப்படுகிறார்கள். ஒரு படமும் போகாது. லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கம் எழுதுகிறவர் 12க்கு அப்புறம் 15 என்று எழுதினால் காம்பரா எதுவும் இடிந்து விழாது அல்லவா, அதே மாதிரிதான். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் தாண்டிப் போகும். 06:00:59;29க்கு அடுத்த ஃபிரேம் 06:01:00;02. எல்லா நிமிடத்திலும் தாண்டினால் மணித்தியாலத்துக்கு 120 ஆகிவிடும், அது கூடுதல். அதனால் 00, 10, 20, 30, 40, 50 ஆகிய ஆறு நிமிடங்களிலும் தாண்டுவதில்லை. மிச்சம் 54 நிமிடம், நிமிடத்துக்கு இரண்டு, மொத்தம் 108. இதற்குப் பிறகும் ஒரு துளி பிசகு மிஞ்சும், ஆனால் அது ஒரு நாள் முழுக்க ஓடினாலும் மூன்று ஃபிரேமைத் தாண்டாது. திருவிழா வேலைக்கு அதை மறந்துவிடலாம்.

இரண்டையும் பிரித்தறிய கடைசி இலக்கத்துக்கு முன்னால் உள்ள குறியைப் பாருங்கள். அரைப்புள்ளி இருந்தால் DF, முக்காற்புள்ளி இருந்தால் பெரும்பாலும் NDF. நீங்கள் அனுப்பிய எண்ணில் முக்காற்புள்ளிதான் இருக்கிறது.

சரி, கையில் உள்ள பதிவை என்ன செய்வது? துண்டு துண்டாக விழுந்த ஃபைல்களை எல்லாம் வெட்டாமல், இடைவெளி இல்லாமல், ஒரே 29.97 டைம்லைனில் வரிசையாக அடுக்குங்கள். பிரீமியர் என்றால் Sequence Settings-இல் Display Format-ஐ 29.97 fps Drop-Frame Timecode என்று மாற்றுங்கள். பலர் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்து மாட்டிக்கொள்வது இங்கேதான். NDF-இல் 06:00:00:00 என்பது பூச்சியத்திலிருந்து 648,000-ஆவது ஃபிரேம். DF-இல் ஆறு மணி 647,352-இலேயே வந்துவிடும். ஃபிரேம் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு முறையை மட்டும் மாற்றினால் முதல் ஃபிரேமே 06:00:21;18 என்று காட்டும். முன்பு பின்தங்கியது, இப்போது முன்னால் ஓடுவதுபோல் இருக்கும். அதனால் முறையை மாற்றிய பிறகு, டைம்லைன் மெனுவில் Start Time-ஐத் திறந்து 06:00:00;00 என்று நீங்களே மறுபடி கொடுங்கள். அப்புறம் போனைக் காட்டிய அந்த ஃபிரேமுக்குப் போய்ப் பாருங்கள். 10:00:00;00 என்றோ ஓரிரு ஃபிரேம் வித்தியாசத்திலோ இருந்தால் எல்லாம் சரி.

இந்த டைம்லைனில் வெட்டு வேலை செய்யாதீர்கள். ஒரு துண்டை எடுத்து ஒட்டினாலே அதற்குப் பின்னால் உள்ள எல்லா நேரமும் கடிகாரத்தோடு பொருந்தாமல் போய்விடும். கமிட்டிக் குறிப்பில் உள்ள நேரங்களுக்கு இதில் மார்க்கர் போட்டுவிட்டு, ஒரு பிரதி எடுத்து அதில் வெட்டுங்கள். குறிப்பு எழுதினவரின் கைக்கடிகாரம் உங்கள் போனோடு ஒத்துப்போனதா என்பது வேறு கதை. பட்டாசு வெடித்த நேரம் மாதிரி ஏதாவது ஒன்றைத் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடம் பிசகியிருந்தால் அதற்கு டிராப் ஃபிரேம் மருந்து ஆகாது.

உதவியாளர் யாராவது கெமரா திரையைப் பார்த்து நேரம் குறித்திருந்தால் அவை NDF எண்கள். அவற்றைக் கடிகார நேரமாக்க இது போதும்:

```
கடிகாரம் = 06:00:00 + (டைம்கோட் − 06:00:00) × 1.001
```

அவர் 08:30:00:00 என்று எழுதியிருந்தால் கழிந்தது 9,000 செக்கன். 1.001-ஆல் பெருக்கினால் 9,009. அப்படியானால் உண்மை நேரம் எட்டரை மணி 9 செக்கன்.

படமும் சத்தமும் பிசகவில்லை என்று நீங்கள் எழுதியது முக்கியமான தகவல். உதடும் பேச்சும் போகப் போக விலகினால் அது இலக்கத்தின் தவறு இல்லை, DF ஆக்கியும் பலன் இராது. தனி ரெக்கோர்டரின் கடிகாரம் கெமராவோடு ஒத்துப்போகாதது, அல்லது வேகம் மாறி மாறிப் பதியும் போன் வீடியோவைக் கலந்தது போன்ற காரணங்களை அங்கே தேட வேண்டும்.

அடுத்த திருவிழாவுக்கு நான் DF-ஐக்கூடச் சொல்ல மாட்டேன். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை 25 ஃபிரேம். அது முழு எண் என்பதால் மணித்தியாலத்துக்குச் சரியாக 90,000 ஃபிரேம் வரும், டிராப் என்ற பேச்சுக்கே இடமில்லை. நமது மின்சாரமும் 50 ஹேர்ட்ஸ் என்பதால் கோயில் டியூப் லைட்டுகளின் மினுமினுப்பும் 25இல், ஷட்டரை 1/50இல் வைத்தால், அடங்கும். கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுக்கும் கெமராக்கள் பெரும்பாலும் 29.97 ஓடும் NTSC முறையில்தான் இருக்கும். மெனுவில் NTSC/PAL அல்லது 60Hz/50Hz என்று இருப்பதைத் தேடி மாற்றுங்கள். சில கெமராக்கள் அப்போது மெமரி காட்டை ஃபோர்மட் பண்ணச் சொல்லும், அதனால் பழைய பதிவைக் கணினிக்கு ஏற்றிய பிறகே கை வையுங்கள். மாற்ற இடமே தராத மொடல்களும் உண்டு. அப்படியானால் 29.97இலேயே இருங்கள், ஆனால் DF என்று வைத்து, பதிவை நிறுத்தினாலும் டைம்கோட் ஓடிக்கொண்டே இருக்க, TC Run-ஐ Free Run ஆக்கிவிடுங்கள். இரண்டு கெமரா வைத்தால் இரண்டும் ஒரே முறையில்தான் இருக்க வேண்டும். ஒன்று DF, மற்றது NDF என்றால் முதல் நிமிடத்திலேயே இரண்டு ஃபிரேம் விலகும், தேர் தோட்டத்தைச் சுற்றி நிலைக்கு வருவதற்குள் செக்கன் கணக்கில் போய்விடும்.