பில் வெள்ளையாக வருது: பதிலை எந்தப் பெயரில் எழுதி வைப்பது?

"ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். கடைகளுக்கு பில் மென்பொருளும் பிரிண்டரும் கொடுக்கும் கம்பனியில், தொலைபேசியில் உதவி சொல்லும் ஏழு பேர் நாங்கள். பதில்கள் வட்ஸ்அப் குழுவிலும் ஆளாளுக்கு வைத்திருக்கும் கொப்பியிலும் ட்ரைவில் 140 கோப்புகளிலும் கிடக்கின்றன. ஒரே கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொல்கிறோம். வற் வரி 18 வீதமான பிறகும் எங்களில் ஒருவர் 15 என்று சொல்லி, கொட்டகலைக் கடைக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். கொழும்பிலிருந்து ஒருவர் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். அவர் ஏற்றித் தரப்போவது அதே 140 கோப்புகளைத்தான். அவற்றில் எது சரி, எது காலாவதி என்று அவருக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் நீங்கள் ஏழு பேர். சாக்கில் கிடக்கும் குப்பையை அலுமாரியில் அடுக்கிக் கொடுத்துவிட்டு, பக்கக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறிவிடுவார். பிறகு 15 வீதம் என்ற பதில் இன்னும் அழகான எழுத்தில் உங்கள் முன் வந்து நிற்கும்.

அந்த 140 கோப்புகளையும் 'பழையது' என்று ஒரு பெட்டியில் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். உட்கார்ந்து திருத்தத் தொடங்காதீர்கள், முடியவே முடியாது. பக்கத்தில் வெறும் பெட்டி ஒன்றைத் திறவுங்கள். நாளைக் காலை முதல் அழைப்பு வந்ததும் முதலில் அந்தப் புதிய பெட்டியில் தேட வேண்டும். இல்லையென்றால் கொப்பியைப் பார்த்தோ பக்கத்து மேசையைக் கேட்டோ பதிலைச் சொல்லுங்கள். தொலைபேசியை வைத்த கையோடு அந்தப் பதிலை ஒரு பக்கமாக எழுதிவிடுங்கள். மாலையில் எழுதலாம் என்று விட்டால் கடைக்காரர் சொன்ன வார்த்தை மறந்து போகும், அந்த வார்த்தைதான் நமக்கு வேண்டும். வாடிக்கையாளர் உதவிப் பிரிவுகளுக்காக 1992 இல் தொடங்கிய கே.சி.எஸ். என்ற முறையின் சாரமே இதுதான்: கேள்வி வரும்போது எழுது, எடுத்துப் பயன்படுத்தும்போது திருத்து. எந்தப் பக்கங்கள் உண்மையில் தேவை என்பதை சில மாதங்களில் அழைப்புகளே காட்டிவிடும். 'பழையது' பெட்டியில் பெரும்பாலானவற்றை யாரும் தேடிப் போகவில்லை என்பதும் அப்போது தெரியும்.

வார்த்தை ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். உங்களுக்கு வாரம் ஒருமுறையாவது வரும் அழைப்பாக இருக்கும்: பில் வெள்ளையாக வருகிறது, எழுத்தே இல்லை. உங்கள் ஆள் ஒருவர் இதற்கு நல்ல பதில் எழுதி, 'தேர்மல் ஹெட் கோளாறு' என்று தலைப்பு வைத்திருப்பார். மஸ்கெலியாக் கடைக்காரர் அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைக்கும் அது தெரியாது. கடைக்காரர் சொன்னதைத்தான் அந்தப் பிள்ளை அடித்துத் தேடும். பக்கம் இப்படி இருக்க வேண்டும்:

தலைப்பு: பில் வெள்ளையாக வருது, எழுத்து விழல்ல
வேறு வார்த்தைகள்: பில் வரல்ல, பேப்பர் மட்டும் வருது, பிரிண்டர், bill varala, print illa
எந்த மெஷின்: சூட்டால் அச்சடிக்கும் சின்ன பில் பிரிண்டர் எல்லாம்
செய்ய வேண்டியது: தாளின் இரண்டு பக்கத்தையும் நகத்தால் கீறச் சொல்லவும். கறுப்புக் கோடு விழும் பக்கம் அச்சுத் தலையைப் பார்த்திருக்க வேண்டும். மாறியிருந்தால் ரோலைத் திருப்பிப் போடவும். எந்தப் பக்கத்திலும் கோடு விழாவிட்டால் அது சாதாரணத் தாள், வேறு ரோல் வாங்க வேண்டும்.
ஏன்: இந்த மெஷினில் மை இல்லை. தாளின் பூச்சுள்ள பக்கம் சூடு பட்டுக் கறுக்கிறது.
கடைசியாகச் சரிபார்த்தவர், திகதி:

இவ்வளவு போதும். வணக்கம், அறிமுகம், கம்பனி இலச்சினை ஒன்றும் வேண்டாம். ஒரு பக்கத்தில் ஒரே கேள்வி. 'பிரிண்டர் பிரச்சினைகள் அனைத்தும்' என்று இருபது பக்கக் கோப்பு ஒன்று உங்களிடம் நிச்சயம் இருக்கும். அது தேடலில் வரும், ஆனால் அழைப்பில் இருக்கும்போது அதை யார் வாசிப்பது?

இரண்டாவது வரியில் 'பிரிண்டர்' என்ற சொல்லைத் தனியாக ஏன் வைத்தேன் தெரியுமா? தமிழில் சொல் உருபு ஏற்றதும் எழுத்தே மாறிவிடுகிறது. நீங்கள் 'பிரிண்டர்' என்று தேடுவீர்கள், பக்கத்தில் 'பிரிண்டரில்' என்று இருக்கும். நமக்கு இரண்டும் ஒன்று. கணினிக்குப் புள்ளி வைத்த ர் வேறு, ரி வேறு, அதனால் தவறவிடலாம். வெறுஞ்சொல்லை ஒருமுறை எழுதி வைத்தால் தீர்ந்தது. சிங்களத்தில் பேசும் கடைக்காரர்களின் வார்த்தைகளையும் அதே வரியில் போடுங்கள். மொழிக்கொரு பக்கம் வைக்காதீர்கள்: ஒன்றைத் திருத்துவோம், மற்றது பழசாகவே கிடக்கும்.

இதைவிடப் பெரிய பொறி பாமினி. உங்கள் பழைய கோப்புகளில் பாதியாவது பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். நம் நாட்டில் தமிழ் தட்டச்சு படித்த ஒரு தலைமுறையே அதில்தான் படித்தது. திரையில் அது தமிழாகத் தெரியும், கணினிக்குள் ஆங்கில எழுத்தாகத்தான் இருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்த சொல் உள்ளே இப்படிக் கிடக்கும்:

```
jkpo;
```

யூனிகோடில் 'தமிழ்' என்று எத்தனை தடவை தேடினாலும் அது அகப்படாது. கண்டுபிடிப்பது லேசு: கோப்பிலிருந்து ஒரு வரியை வெட்டி வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். கிறுக்கலாக வந்தால் பாமினி. அந்த வரியை மாற்றித் தரும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் உண்டு. இதையே 'டிஜிட்டல் மயப்படுத்தல்' என்று சொல்லிக் காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கவனம். வட்ஸ்அப் குரல் பதிவுகளும் கொப்பியைப் பிடித்த படங்களும் அதே கதிதான். அவற்றில் பதில் இருக்கும், தேடினால் வராது.

இனி வரி. 2022 தொடக்கத்தில் வற் 8 வீதம். அந்த வருட நடுப்பகுதியில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1 இல் 18. இரண்டு வருடத்துக்குள் மூன்று மாற்றம். அறிவித்தலைக் கையில் எடுப்பதற்குள் அமுலுக்கு வரும் நாள் வாசலுக்கு வந்துவிடுகிறது. அதுவும் தேட முடியாத, ஸ்கேன் பண்ணின சாய்ந்த படமாக வரும். ஏன் இப்படி என்று கேட்டு நான் அலுத்துவிட்டேன்.

உங்கள் ஆள் 15 என்று சொன்னதற்கு அவரைத் திட்டாதீர்கள். அந்த எண் எத்தனை கோப்புகளில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பில் அமைப்பு, பொருளைத் திருப்பி எடுத்தல், விலைப்பட்டியல், புதிய கடை பதிவு என்று எல்லா இடத்திலும் இருக்கும். ஒன்றில் திருத்தியிருப்பீர்கள், மற்றவற்றில் மறந்திருப்பீர்கள். மாறும் எண் ஒரே பக்கத்தில்தான் இருக்க வேண்டும். 'இன்றைய வீதங்கள்' என்று ஒரு பக்கம், மற்றப் பக்கங்களில் எண்ணே வேண்டாம், அந்தப் பக்கத்துக்கு இணைப்பு மட்டும். அதற்கு ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். மாற்றம் வரும்போது '15' என்று மட்டும் தேடினால் போதாது. '15 வீதம்', '15%', 'பதினைந்து' என எழுதியவர்களும் இருப்பார்கள். வீதத்தோடு வேறு விடயங்களும் மாறும். 2024 ஜனவரி 1 அன்று ஆண்டுக்கு 8 கோடி ரூபா விற்பனை என்றிருந்த வற் பதிவு எல்லை 6 கோடியாக இறங்கியது. கைத்தொலைபேசி, சமையல் எரிவாயு போன்ற பலவற்றுக்கு இருந்த விலக்கும் போனது. இவற்றைப் பற்றிய பக்கங்களில் 15 என்ற எண்ணே இருக்காது.

இங்கேதான் ஒரு விதிவிலக்கு, பொறுமையாக வாசியுங்கள். பழைய பதிலை அழிக்கக்கூடாது. 2023 டிசம்பர் 28 இல் விற்ற பொருளின் பில்லை மறுபடி அடித்துக் கேட்டு ஒரு கடைக்காரர் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாப் பொருள், அன்றைய வரி 150, மொத்தம் 1,150. இன்றைய வீதத்தைப் போட்டால் 1,180 வரும், வாடிக்கையாளர் கொடுத்த காசுக்கும் பில்லுக்கும் 30 ரூபா இடிக்கும். அந்தக் கடைக்காரருக்கு 15 தான் சரி. ஆகவே வீதங்கள் பக்கத்தில் பழையவற்றை எடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் 'எந்தத் திகதியிலிருந்து, எந்தத் திகதிவரை' என்று எழுதுங்கள். மேலே பெரிய எழுத்தில் இன்றையது, கீழே பழையவை வரிசையாக. கேட்க வேண்டிய முதல் கேள்வியையும் அந்தப் பக்கத்தின் உச்சியில் போடுங்கள்: "பில்லில் என்ன திகதி இருக்கு?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் கொட்டகலைச் சண்டையே வந்திருக்காது. வீதம்போல நாளை வைத்து மாறுகிறவற்றுக்கு மட்டும்தான் இது. பழைய பிரிண்டர் மாதிரியை யாருமே வைத்திருக்கவில்லையென்றால் அந்தப் பக்கத்தைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

மற்றப் பக்கங்களைப் புதுசாக வைத்திருக்க ஆறு மாதத்துக்கொருமுறை கூட்டம் போட வேண்டாம். நான் வேலை செய்த ஓர் இடத்தில் அப்படிப் போட்டோம். தேநீர் குடித்துவிட்டு எல்லாப் பக்கத்துக்கும் 'சரிபார்க்கப்பட்டது' என்று திகதி போட்டு எழுந்து வந்தோம், ஒன்றையும் வாசிக்கவில்லை. பக்கத்தை வைத்துப் பதில் சொன்னவர்தான் அதைச் சரிபார்க்க முடியும். சொன்னபடி செய்து பில் வந்ததா? வந்தால் கீழே திகதியை மாற்றுங்கள். வராவிட்டால் அப்போதே திருத்துங்கள், திருத்தத் தெரியாவிட்டால் 'இது வேலை செய்யல்ல' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஒரு வருடமாக யாரும் தொடாத பக்கம் பிழையாக இருந்தால்தான் என்ன? யாரும் கேட்கவில்லையே.

உங்கள் முகாமையாளர் யார் எத்தனை பக்கம் எழுதினார் என்று மாதக் கணக்கு கேட்பார். கொடுக்காதீர்கள். கணக்குக் கேட்டதும் 'பில் வரல்ல' என்பதற்கு நாலு பேர் நாலு பக்கம் எழுதுவார்கள், நீங்கள் பழையபடி தொடங்கிய இடத்துக்கே வருவீர்கள்.

இன்னொன்று. இப்போது ட்ரைவிலுள்ள கோப்புகள் யாருடைய கணக்கில் இருக்கின்றன? ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் உருவாக்கிய கோப்பு அவருடையது. அவர் வேலையை விட்டு, கணக்கையும் மூடிவிட்டால் கோப்புகளும் போய்விடும். அலுவலகப் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து புதிய பெட்டியை அதில் தொடங்குங்கள், கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

பக்கங்கள் நூறைத் தாண்டி, யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிக்க வேண்டி வந்தால் அப்போது மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம். கொழும்புக்காரர் அதற்குள் திரும்ப வந்தால், பாமினிப் பக்கம் ஒன்றையும் யூனிகோடுப் பக்கம் ஒன்றையும் கையில் கொடுத்து, உங்கள் முன்னாலேயே ஏற்றித் தேடிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு எல்லாப் பக்கங்களையும் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "அது பிறகு செய்து தருவோம்" என்றால் கதவு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.