ஞாயிறு நாலரை மணி, யாருடைய நாலரை?

கேள்வி: சாயல்குடிதான் எனக்குச் சொந்த ஊர், வேலை லண்டனில். அண்ணன் தோட்டத்து முண்டு மிளகாய் வத்தலை, நியூ ஜெர்சி அலுவலகத்தில் இருக்கும் என் சக ஊழியர்கள் மூன்று பேரும் நானும் சேர்ந்து வாங்குவதாகப் பேச்சு. மூவரும் தமிழர்கள்தான். வீடியோவில் சரக்கைப் பார்த்த பிறகே பணம். வாட்ஸ்அப் குழுவில் “ஞாயிறு பகல் 1 மணி” என்று எழுதினேன். அண்ணன் அவருடைய 1 மணிக்கு வெயிலில் காத்திருந்துவிட்டு வத்தலை அள்ளிவிட்டார். அமெரிக்காக்காரர்கள் தங்கள் 1 மணிக்கு வந்தார்கள். நான் நினைத்தது லண்டன் நேரம். இப்போது மார்ச் 22 ஞாயிறன்று மறுபடி பேச வேண்டும், அப்புறம் வாராவாரம். நேரம் குறித்துத் தரும் செயலி ஒன்றில் ஏழு நாள் இலவசம் என்று சேர்ந்திருக்கிறேன். மாதக் கட்டணம் கட்டித் தொடரலாமா?

பதில்: வேண்டாம். நான்கு வரியில் ஒரு செய்தி எழுதினாலே போதும். ஆனால் அதை எழுதுவதற்கு முன் யாருடைய கடிகாரத்தை முளையாக அடிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அழைக்கிறவர் தன் நேரத்தை வைத்துக்கொள்வதுதான் வழக்கம். உங்கள் விஷயத்தில் அது சரிவராது.

இங்கே பார்க்கப் போவது வத்தலின் நிறம். அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும். மார்ச் மாதம் ராமநாதபுரம் பக்கம் ஆறேகால், ஆறரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். ஐந்தரை மணி மஞ்சள் வெயிலில் சுமாரான வத்தல்கூடச் செக்கச்செவேலென்று தெரியும். வாங்குகிறவர்களுக்கு அது ஆபத்தான நேரம், உங்கள் அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நான் சொல்வது சாயல்குடி மாலை 4.30. அப்போது லண்டனில் காலை 11, நியூ ஜெர்சியில் காலை 7. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எழுவது கஷ்டம்தான். சரக்கு வேண்டியவர்கள்தானே எழ வேண்டும்!

சாயல்குடியை முளையாக வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் கடிகாரத்தை யாரும் முன்னே பின்னே நகர்த்துவதில்லை. மற்ற இரண்டு ஊரிலும் நகர்த்துகிறார்கள், அதுவும் ஒரே நாளில் அல்ல. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பிரிட்டனில் மார்ச்சின் கடைசி ஞாயிறு. இந்த 2026இல் அவை 8ஆம் தேதியும் 29ஆம் தேதியும். இடைப்பட்ட மூன்று வாரமும் நியூ ஜெர்சிக்கும் லண்டனுக்கும் வழக்கமான ஐந்து மணிக்குப் பதில் நான்கு மணிதான் இடைவெளி. நீங்கள் பேசப் போகும் 22ஆம் தேதி சரியாக அதற்குள் விழுகிறது. மனப்பாடமாக வைத்திருக்கும் ஐந்து மணிக் கணக்கைப் போட்டால் ஒரு மணி நேரம் தப்பிவிடும்.

செய்தியை இப்படி எழுதுங்கள்:

```
வத்தல் பார்க்க வீடியோ அழைப்பு
மார்ச் 22, ஞாயிறு
சாயல்குடி மாலை 4.30 | லண்டன் காலை 11.00 | நியூ ஜெர்சி காலை 7.00
உங்கள் ஊரில் எத்தனை மணி என்று எழுதிப் பதில் போடவும்
```

வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்த மணி, படிக்கிறவர் ஊருக்கு ஏற்றபடி தானாக மாறாது; நீங்கள் எழுதியது எழுதியபடியே நிற்கும். அதனால்தான் மூன்று ஊரின் பெயரும் வேண்டும். ஐஎஸ்டி, இஎஸ்டி மாதிரி எழுத்துகளைத் தவிர்த்துவிடுங்கள். ஐஎஸ்டி என்றால் அயர்லாந்து நேரம் என்றும் ஒரு பொருள் உண்டு. நியூ ஜெர்சியில் மார்ச் 8க்குப் பிறகு நடப்பது இஎஸ்டி அல்ல, கோடை நேரமான இடிடி. பழக்கத்தில் பழையதையே எழுதுகிறவர்கள் ஏராளம். மாதத்தையும் பெயர் சொல்லி எழுதுவது நல்லது. ஏப்ரல் 5ஆம் தேதிக்கு அமெரிக்க நண்பர் 4/5 என்று போட்டால், அண்ணன் அதை மே 4 என்றுதான் படிப்பார்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கட்டைவிரல் படம் வந்தால் பார்த்துவிட்டார் என்று மட்டும்தான் அர்த்தம். “எனக்குக் காலை 7” என்று ஒருவர் எழுதினால்தான் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று உங்களுக்குத் தெரியும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. இந்தியக் கடிகாரத்துக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே எப்போதும் ஓர் அரை மணி இருக்கும். சாயல்குடி நாலரை என்றால் மற்ற இரண்டும் முழு மணியில் நிற்க வேண்டும். நீங்கள் எழுதியதில் லண்டன் பத்தரை என்றோ பதினொன்றரை என்றோ வந்தால் கணக்கு எங்கேயோ இடறியிருக்கிறது.

வாராவாரம் பேசுவதற்கு கூகுள் காலண்டர் இலவசமாகவே போதும். அதில் ஒரு இடம் கவனிக்க வேண்டியது. லண்டனில் இருந்தபடி நிகழ்வை உருவாக்கினால் அது லண்டன் நேரத்தையே பிடித்துக்கொள்ளும். காலை 11 என்று போட்டு வாராவாரம் என்று அமைத்தால், 29ஆம் தேதி உங்களுக்கு 11தான். ஆனால் அன்றைக்கு உங்கள் ஊர்க் கடிகாரம் ஒரு மணி முன்னே போயிருக்கும். சாயல்குடியில் அப்போது மூன்றரை, நியூ ஜெர்சியில் காலை ஆறு! அண்ணன் வத்தலைப் பரப்பி முடித்திருக்க மாட்டார், அந்த மூவரும் படுக்கையைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் நிகழ்வை உருவாக்கும்போதே நேரத்துக்குக் கீழே இருக்கும் நேர மண்டலத்தைத் தொட்டு India Standard Time என்று மாற்றி, மாலை 4.30 என்று போடுங்கள். 29ஆம் தேதி சாயல்குடியும் நியூ ஜெர்சியும் அப்படியே இருக்கும். உங்களுக்கு மட்டும் பகல் 12 ஆகும். அலுவலக நண்பர்களை மின்னஞ்சலில் அழைத்துவிடலாம், அவரவர் கைபேசி அவரவர் நேரத்தைக் காட்டும். மின்னஞ்சல் பார்க்காத அண்ணனுக்கு வாட்ஸ்அப் செய்தியே போதும், அவருக்குத்தான் நேரம் மாறவே மாறாதே.

அழைப்பில் அண்ணனைச் சாக்கின் மேல்பகுதியை மட்டும் காட்ட விடாதீர்கள். கையை அடிவரை விட்டு அள்ளச் சொல்லுங்கள். ஒரு வத்தலைப் பேசியின் பக்கத்தில் வைத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஈரம் இருக்கிறது, கப்பலிலோ பார்சலிலோ பூசணம் பிடித்துவிடும். நாலைந்தை உடைத்து உள்பக்கம் கறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்த வத்தலைத் தனியாகப் பொறுக்கியிருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இலவசச் செயலிக்கு வருவோம். பேசியிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நிற்காது, எட்டாம் நாள் அட்டையிலிருந்து பணம் போகும். ஆண்ட்ராய்டு என்றால் Play Store திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதில் Subscriptions போய் அந்தச் செயலியை ரத்து செய்யுங்கள். ஐபோன் என்றால் Settings திறந்து உங்கள் பெயரைத் தொட்டால் அங்கேயும் Subscriptions இருக்கும். ஏழாம் நாள் வரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்துவிடுங்கள், ரத்து ஆனதாக வரும் மின்னஞ்சலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.