காப்பிப்பொடியை எவ்வளவு அடித்தாலும் நுரைக்காதது ஏன்? டல்கோனா காப்பி: கேள்வி-பதில்

பாளையங்கோட்டையில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுப்பது என் தொழில். இன்ஸ்டன்ட் காப்பித்தூள், சீனி, வெந்நீர் மூன்றையும் ஒரே அளவில் சேர்த்துக் கெட்டி நுரையாக அடித்து, பாலின்மேல் வைத்துக் குடிப்பது டல்கோனா காப்பி. 2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் இருந்தபோது அது நம் பக்கமும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்டபடியே இருக்கிறார்கள். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேள்விகள் இன்னும் கூடும். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே விரிவாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, உங்க கடையில வாங்கின சிக்கரி கலக்காத பொடியில 2 மேசைக்கரண்டி போட்டு, அதே அளவு சீனி, அதே அளவு வெந்நீர் விட்டு முக்கால் மணி நேரம் அடிச்சேன். கை வலிச்சதுதான் மிச்சம். கடைசிவரை சேறு மாதிரியே இருந்துச்சு. பொடியில ஏதும் குறையா?
(கல்லூரி மாணவி, வள்ளியூர்)

பொடியில் குறை இல்லை தாயி. அது வேறு பொருள், இன்ஸ்டன்ட் வேறு பொருள். இரண்டுக்கும் காப்பித்தூள் என்று ஒரே பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது.

நான் அரைத்துத் தருவது கொட்டையையே. வறுத்த கொட்டை முழுதும் அதில் இருக்கிறது: நார், எண்ணெய், கரைகிற சத்து எல்லாம். வீட்டில் வெந்நீர் விட்டால் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீரில் கரையும். மீதி சக்கை. இன்ஸ்டன்ட் தூளில் சக்கையே கிடையாது. ஆலையில் டிக்காஷன் இறக்கி, தண்ணீரை முழுக்க வற்றவைத்து எடுத்த காய்ந்த டிக்காஷன்தான் அது.

இப்போது நீங்கள் செய்ததையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மேசைக்கரண்டி பொடி சுமார் 10 கிராம். அதில் கரையக்கூடியது 2 கிராம். நீங்கள் விட்ட வெந்நீர் 30 மில்லி. பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும், அதில் 20 மில்லி போயிற்று. மிச்சம் இருக்கும் 10 மில்லியும் நனைந்த துகள்களுக்கு நடுவேதான் நிற்கிறது. நுரை என்பது காற்றைச் சுற்றி மெல்லிய தண்ணீர்த் தோல். அந்தத் தோல் இழுபட இங்கே தண்ணீரும் இல்லை, இடமும் இல்லை.

தப்பித் தவறி ஒரு குமிழி உண்டானாலும் அது நிற்காது. துகளின் முனை அந்தத் தோலைக் குத்தி உடைக்கும். கொட்டையில் இருக்கிற எண்ணெயும் தோலில் பரவி அதை அறுத்துவிடும். சந்தேகம் இருந்தால் அந்தச் சேற்றில் கொஞ்சம் எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல் போல உறுத்தும். கழுவிய பிறகும் விரலில் லேசாக வழுவழுப்பு இருக்கும். உறுத்துவது சக்கை, வழுக்குவது எண்ணெய். நுரைக்கு இரண்டுமே பகை.

இன்ஸ்டன்டில் 2 மேசைக்கரண்டி சுமார் 8 கிராம். அந்த எட்டும் முழுசாகக் கரைகிறது. அப்புறம், ஆலையில் காப்பி இறக்கும் முறையும் வேறு. கொதிநிலையைத் தாண்டிய சூட்டில், அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்துகிறார்கள். நம் பில்டரில் இறங்காத மாவுப்பசை போன்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் அங்கே உடைந்து இறங்கிவிடும். குமிழியின் தோலைக் கெட்டியாக்குவது அவைதான். வறுக்கும்போது உண்டாகும் பழுப்பு நிறப் பொருள்களும் புரதத் துணுக்குகளும் காற்றும் தண்ணீரும் சேரும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு தோலைப் பிடித்து நிறுத்தும். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் பெரும்பாலும் சக்கையோடு அங்கேயே தங்கிவிடுகிறது. நுரைக்கு உதவுவது அதிகமாகவும் கெடுப்பது குறைவாகவும் அமைந்த தூள் அது.

அந்தச் சேற்றைக் கொட்டிவிடாதீர்கள். பில்டரில் போட்டு வெந்நீர் விட்டு இறக்குங்கள், சீனி போட்ட டிக்காஷனாகிவிடும்.

புதுப்பொடியில வெந்நீர் விட்டா பில்டர்ல பொங்கி நுரைச்சு வருதே. அப்போ நுரைக்கிற குணம் அதுலயும் இருக்குதானே?
(இல்லத்தரசி, அம்பாசமுத்திரம்)

கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். பொங்குவது உண்மைதான், ஆனால் அது அடித்து உண்டாக்கிய நுரை இல்லை. கொட்டையை வறுக்கும்போது உள்ளே கரியமில வாயு உண்டாகி, கொட்டைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அரைத்ததும் கொஞ்சம் வெளியேறும், வெந்நீர் பட்டதும் மிச்சமும் கிளம்பும். பொங்கி வருவது அந்த வாயு. ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும், ஏனென்றால் குமிழியைப் பிடித்து வைக்கும் அளவுக்கு அந்தத் தண்ணீரில் கெட்டி இல்லை.

ஒரு மாதம் டப்பாவில் கிடந்த பொடியில் வெந்நீர் விட்டுப் பாருங்கள், பொங்காது. வாயு எப்போதோ போயிருக்கும். பொடி புதுசா பழசா என்று பார்க்க நானே இதைத்தான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

சக்கைதான் தொல்லைன்னா, வடிச்ச முதல் டிக்காஷனை அடிக்கலாமே? அதுல சக்கை இல்லையே.
(ஆசிரியர், தென்காசி)

நானும் இப்படி நினைத்துத்தான் கடையிலேயே செய்து பார்த்தேன் சார். 40 கிராம் பொடிக்கு 150 மில்லி வெந்நீர் விட்டால் கெட்டியான முதல் டிக்காஷன் 70, 80 மில்லி இறங்கும். நமக்கு அது கருங்கெட்டி. ஆனால் அதில் கரைந்திருக்கும் காப்பி நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்குதான் தேறும். டல்கோனாவுக்குக் கரைக்கும் இன்ஸ்டன்டில் சீனியைக் கணக்கில் சேர்க்காமலே நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருக்கிறது. இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம்.

சீனி போட்டு மின்சார பீட்டரால் அடித்தபோது பெரிய பெரிய குமிழிகள் வந்தன, சவர்க்கார நுரை போல. பீட்டரை நிறுத்திய இரண்டு நிமிடத்தில் ஒவ்வொன்றாக உடைந்து, அடியில் பழையபடி கருப்புத் தண்ணீர். விளிம்பில் மட்டும் ஒரு வளையம் தங்கியிருந்தது. டம்ளரைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது மேலே எண்ணெய் மினுமினுப்பு தெரிந்தது. பில்டர் ஓட்டை சக்கையைத்தான் நிறுத்தும், எண்ணெயையும் மாவுத்தூளையும் விட்டுவிடும்.

வற்றக் காய்ச்சி அடித்தாலும் ஆலைச் சூட்டில் இறங்கும் அந்தப் பசை நம் டிக்காஷனில் வராது. காய்ச்சக் காய்ச்சக் கசப்புதான் ஏறும், மணம் போய்விடும். நல்ல பொடியை இப்படிப் பாழாக்க எனக்கு மனசு வராது.

நம் டவரா டம்ளரில் ஆற்றும்போது வரும் நுரை பாலின் புரதம் பிடித்து நிறுத்துவது. டிக்காஷன் சுவையும் வேண்டும், மேலே கெட்டி நுரையும் வேண்டும் என்றால், டம்ளரில் டிக்காஷன் கலந்த குளிர்ந்த பாலை ஊற்றி, அதன்மேல் இன்ஸ்டன்ட் நுரையை வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

எங்க வீட்டுல இருக்கிறது சிக்கரி கலந்த இன்ஸ்டன்ட். அது ஆகுமா?
(மேலப்பாளையம்)

ஆகும். சிக்கரியும் அதில் கரைந்து காய்ந்த வடிவில்தான் இருக்கிறது. சுத்தக் காப்பியைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் அடிக்க வேண்டிவரும், நுரையும் சற்று இளகலாக நிற்கும். பாக்கெட்டின் பின்புறம் சிக்கரி நூற்றுக்கு எத்தனை என்று அச்சிட்டிருப்பார்கள், குறைவாக இருப்பதை வாங்குங்கள். பால்பவுடர், சீனி எல்லாம் சேர்த்து ஒரு டம்ளர் அளவுக்கு வரும் சின்ன பாக்கெட்டுகள் மட்டும் வேண்டாம். அவற்றில் காப்பி கொஞ்சம்தான், பால்கொழுப்பும் உண்டு.

சாரல் சீசன்ல தூள் கட்டி தட்டிப்போச்சு. பயன்படுத்தலாமா?
(செங்கோட்டை)

வாசனை மாறாமல், பூஞ்சை இல்லாமல் இருந்தால் தாராளமாக. வெந்நீரில் கட்டி முழுசாகக் கரைந்த பிறகு அடிக்க ஆரம்பியுங்கள்.

எனக்குச் சர்க்கரை நோய். சீனி இல்லாமல் அடித்தால் வருமா?
(ஓய்வு பெற்றவர், சேரன்மகாதேவி)

வரும் ஐயா. நுரையை உண்டாக்குவது காப்பி, சீனி இல்லை. சீனியின் வேலை வேறு. அது தண்ணீரைப் பாகாக்கிக் கெட்டிப்படுத்துவதால் குமிழிகளுக்கு நடுவே இருக்கும் நீர் மெதுவாகத்தான் கீழே வடிகிறது. சீனி இல்லாத நுரை சீக்கிரம் வடிந்து, சில நிமிடத்தில் தளர்ந்து விழும். துளி அளவே போடும் இனிப்பு மாத்திரைகள் இனிக்குமே தவிர, தண்ணீரைக் கெட்டியாக்காது. ஆகவே அடித்த கையோடு குடித்துவிடுங்கள். அப்புறம், 2 மேசைக்கரண்டித் தூள் மூன்று டம்ளருக்கு உரியது. அதை ஒரே ஆளாகக் குடிக்க வேண்டாம்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா அண்ணாச்சி?
(திசையன்விளை)

போடலாம், எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் தட்டிப்போட்டு நேராக அடிக்காதீர்கள். உடன்குடிக் கருப்பட்டி 25 கிராமை ஒன்றரை மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடியில் மண்ணும் தும்பும் நிற்கும். கருப்பட்டியிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீரை அரைக் கரண்டி குறைத்திருக்கிறேன். வடித்த பாகு சூடாக இருக்கும்போதே 2 மேசைக்கரண்டி இன்ஸ்டன்ட் சேர்த்து அடியுங்கள். சீனி போட்டது போல வெளிறிய தவிட்டு நிறம் வராது, கருஞ்செம்மையாக நிற்கும், கொஞ்சம் இளகலாகவும் இருக்கும். கரண்டியால் இழுத்த கோடு மூடாமல் நின்றால் போதும், பதம் வந்துவிட்டது.

முதல் தடவை அருமையா வந்துச்சு. அதே தூள், அதே அளவு, ரெண்டாம் தடவை வரவே இல்லை. எங்க தப்பு?
(சங்கரன்கோவில்)

எதில் அடித்தீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். தயிர் கடைந்த சட்டி, அதே மத்து என்று பதில் வந்தது. கழுவியிருந்தாலும் மத்தின் பிளவுகளில் வெண்ணெய்ப் பிசுக்கு ஒளிந்திருக்கும். பொடியில் இருக்கும் எண்ணெய் செய்கிற வேலையை இந்த வெண்ணெய் செய்துவிட்டது. பிளாஸ்டிக் கிண்ணமும் பிசுக்கை விடாது. எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் அலசி, ஈரம் துடைத்துவிட்டு அடியுங்கள். கையால் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம், பீட்டரில் மூன்று நான்கு நிமிடம். ஐந்து நிமிடம் கையால் அடித்தும் கருப்பு நிறம் கொஞ்சம்கூட வெளிறவில்லை என்றால், தண்ணீர் கூடியிருக்கிறது அல்லது பிசுக்கு இருக்கிறது. தண்ணீர்தான் கூடிப்போனது என்றால் இன்னொரு கரண்டி தூளும் சீனியும் போட்டுச் சரிசெய்யலாம். பிசுக்கு என்றால் அந்தக் கரைசலைப் பாலில் கலந்து குடித்துவிட்டு, வேறு கிண்ணத்தில் முதலிலிருந்து தொடங்குங்கள்.